140 எஃப்பிஎஸ் வந்தும் மவுஸ் இழுப்பது ஏன்?

கேள்வி: அண்ணா, சிஎஸ்2ல 140 எஃப்பிஎஸ் வருது, பிங் 30தான். ஆனா ஸ்மோக் போட்டு சண்டை ஆரம்பிச்சா மவுஸ் இழுக்குது. கார்டு ஜிடிஎக்ஸ் 1650. 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்கினா சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீங்க தம்பி. கும்பகோணத்தில் கேமிங் சென்டர் நடத்துறேன், இதே கார்டு போட்ட சிஸ்டம் எங்கிட்டயும் இருக்கு. முதல்ல நெட்டைக் கழட்டிட்டு பாட் மேட்சில் ஸ்மோக் போட்டுப் பாருங்க. அப்பவும் இழுத்தா பிங்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

ஸ்மோக் வரைவது கார்டுக்குப் பெரிய வேலை. அந்த நேரம் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் ஜிபியு யூசேஜ் 99 சதவீதத்தில் நிற்கும். கார்டு வரைந்து முடிப்பதற்குள் சிபியு அடுத்த ஃப்ரேம்களைத் தயார் பண்ணி வரிசையில் வெச்சிடும். நீங்க இப்போ அசைச்ச மவுஸ், வரிசையில் கடைசியா நிக்கிற ஃப்ரேமில்தான் இருக்கு. 100 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃப்ரேமுக்கு 10 மில்லி செகண்ட். முன்னால் ரெண்டு காத்திருந்தா, 20 மில்லி செகண்ட் கூடுதல் தாமதம். அதான் அந்த இழுவை.

கேம் வீடியோ செட்டிங்கில் `NVIDIA Reflex Low Latency` இருக்கும், `Enabled` வைங்க. அந்த வரிசை சேராம அதுவே பார்த்துக்கும். டிரைவரில் உள்ள `Low Latency Mode` ரிஃப்ளெக்ஸ் இல்லாத பழைய டைரக்ட்எக்ஸ் 11 கேம்களுக்கு உதவும். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் கேம்களில் அது வேலை செய்யாது.

அடுத்தது கேப், அதாவது எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு உச்சவரம்பு. எங்க சிஸ்டத்தில் வெட்டவெளியில் 140, ஸ்மோக்கில் 105 வரைக்கும் இறங்கும். அந்தக் குறைந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே வெச்சேன், கன்சோலில்:

```
fps_max 100
```

இப்போ ஸ்மோக்கிலும் யூசேஜ் 95ஐத் தாண்டலை. 140இலிருந்து 100க்கு வந்ததால் ஃப்ரேமுக்கு 3 மில்லி செகண்ட் போச்சு, ஆனா கை அசைவு எப்பவும் ஒரே மாதிரி வருது. குறிபார்க்க அதுதான் முக்கியம்னு நினைக்கிறேன். ஷேடோவைக் குறைச்சா கேப்பை இன்னும் ஏத்தலாம். ஒண்ணு கவனிங்க: மார்கழியில் வெச்ச கேப் நம்ம சித்திரை வெயிலுக்குத் தாங்காம போகலாம். சூட்டில் கார்டு வேகத்தைக் குறைச்சுக்கும், யூசேஜ் மறுபடி 99 ஆயிடும். அப்போ இன்னும் 10 இறக்குங்க.

மவுஸோட போலிங் ரேட் 125 ஹெர்ட்ஸில் இருந்தா 8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான் தகவல் அனுப்பும், கட்டாயம் 1000க்கு மாத்துங்க. 1000இலேயே அது 1 மில்லி செகண்ட்தான். 8000க்குப் போனாலும் அதற்குள்தான் மிச்சம் பிடிக்க முடியும். அதோட அத்தனை தகவலையும் சிபியுதான் வாங்கணும். மவுஸை வேகமா வட்டமடிக்கும்போது எஃப்பிஎஸ் சரிஞ்சா, அந்தச் சிபியுவுக்கு போலிங் ரேட் அதிகம்னு அர்த்தம்.