பேமெண்ட் மெதுவானால் தளம் முழுவதும் ஏன் நிற்கிறது?

கேள்வி: எங்கள் ஆர்டர் சர்வீஸ் ஸ்பிரிங் பூட்டில் ஓடுகிறது. விநாடிக்கு 40 ஆர்டர் வரும். போன வாரம் பேமெண்ட் சர்வீஸ் மெதுவானதும் பொருள் பட்டியல்கூடத் திறக்கவில்லை. ஆனால் சிபியு சும்மாதான் இருந்தது. டைம்அவுட் 30 விநாடி, மூன்று முறை முயலும்படி ரீட்ரையும் உண்டு. எங்கே தப்பு?

பதில்: பேமெண்ட் அடியோடு விழுந்து, இணைப்பே உடனுக்குடன் மறுக்கப்பட்டிருந்தால் பிழை உடனே வந்திருக்கும், தளம் தப்பித்திருக்கும். மெதுவாகப் பதில் சொல்லும் சர்வீஸ்தான் கூப்பிட்டவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

நீங்கள் மாற்றாதவரை, ஸ்பிரிங் பூட்டோடு வரும் டாம்கேட்டில் அதிகபட்சம் 200 த்ரெட். பேமெண்ட் 0.2 விநாடியில் பதில் தரும் நாளில் 40 × 0.2, அதாவது 8 த்ரெட்தான் அதற்காகக் காத்திருக்கும். ஒவ்வொரு அழைப்பும் 30 விநாடி தொங்கினால் ஐந்தே விநாடியில் 200-ம் தீர்ந்துவிடும். அப்புறம் பட்டியல் காட்டவும் த்ரெட் இருக்காது. காத்திருக்கும் த்ரெட்டுக்கு சிபியு தேவையில்லை. அடுத்த முறை `jstack` எடுத்தால் அத்தனை த்ரெட்டும் சாக்கெட்டில் பதிலை எதிர்பார்த்து நிற்பது தெரியும்.

முதலில் டைம்அவுட்டைக் குறையுங்கள். நூற்றுக்கு 99 அழைப்புகள் 0.6 விநாடிக்குள் முடிகின்றன என்றால் 1 விநாடி போதும். அப்போது சிக்குவது 40 த்ரெட். மூன்று முயற்சி என்றால் 120, இடைவெளிகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். திணறும் பேமெண்ட் மீது மும்மடங்கு சுமை வேறு. அதனால் மறுமுயற்சி ஒன்று போதும். சங்கிலியில் ஒரே அடுக்கில் மட்டும் வையுங்கள். மூன்று அடுக்கிலும் மும்மூன்று என்றால் கடைசி சர்வீஸுக்கு 27 அழைப்புகள் போகும். இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவதோடு, எல்லோரும் ஒரே நொடியில் திரும்ப வராதபடி ரேண்டமாகக் கலைத்தும் விடுங்கள். இதில் `n` என்பது எத்தனையாவது மறுமுயற்சி என்ற எண்:

```python
wait = random.uniform(0, min(5, 0.2 * 2 ** n))
```

பணம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டைம்அவுட் ஆனது என்றால் பணம் எடுக்கப்படவில்லை என்று அர்த்தமில்லை. பதில் மட்டும் வராமல் போயிருக்கலாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி எண்ணை அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் பேமெண்ட் பழைய பதிலையே தர வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் ரீட்ரையே வைக்காதீர்கள்.

இதற்குப் பிறகும் பேமெண்ட் பத்து நிமிடம் திணறினால் சர்க்யூட் பிரேக்கர் தேவை. ரெசிலியன்ஸ்4ஜே லைப்ரரியின் பிரேக்கர் இயல்பாகக் கடைசி 100 அழைப்புகளைப் பார்க்கும். பாதி தோற்றால் திறந்துகொண்டு, 60 விநாடிக்கு எந்த அழைப்பையும் வெளியே விடாமல் `CallNotPermittedException` எறியும். பிறகு 10 அழைப்புகளை மட்டும் விட்டுப் பார்த்து, தேறினால் மூடிக்கொள்ளும். திறந்திருக்கும்போது த்ரெட் எதுவும் சிக்காது. வாடிக்கையாளருக்குச் சற்று நேரம் கழித்து முயலச் சொல்லிவிடலாம். அந்தப் பிழையை ரீட்ரை செய்ய வேண்டாம். ‘கணக்கில் பணம் போதவில்லை’ போன்ற பதில்களைத் தோல்விக் கணக்கில் சேர்க்காமல் `ignoreExceptions`-இல் போடுங்கள். இல்லாவிட்டால் நன்றாக ஓடும் பேமெண்டையும் பிரேக்கர் துண்டித்துவிடும்.