காணி வாங்கிய மொத்தச் செலவு: பற்றுச்சீட்டுகளை எப்படிக் கூட்டுவது?

வவுனியாவில 25 இலட்சத்துக்கு உறுதிக் காணி வாங்கினேன். முத்திரைத் தீர்வைப் பற்றுச்சீட்டு இரண்டு, நொத்தாரிசின்ர பில் ஒன்று இருக்கு. மொத்தச் செலவு எவ்வளவு?

முதலில் தீர்வையை நீங்களே கணக்குப் போடுங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3%, அதாவது 3,000. மீதி 24 இலட்சத்துக்கு 4%, அதாவது 96,000. முதல் பற்றுச்சீட்டில் 99,000 இருந்தால் அது உறுதியில் எழுதிய விலைக்கான தீர்வை.

இரண்டாவது பெரும்பாலும் மேலதிகத் தீர்வை. தீர்வை சந்தைப் பெறுமதிக்குத்தான். மதிப்பீட்டில் காணி 30 இலட்சம் என்று வந்தால் கூடுதல் 5 இலட்சத்துக்கு 20,000 கட்ட வேண்டும். மாதங்கள் கழித்து வருவதால் பலர் இதை விட்டுவிடுவார்கள். இன்னொரு பிழை, விலையையே 30 இலட்சம் என்று எழுதுவது. நீங்கள் கொடுத்தது 25 தான். கூடுவது அந்த 20,000 மட்டும்.

கவனம் வேண்டியது நொத்தாரிசின் பில்லில். "உறுதிச் செலவு 126,000" என்று ஒரே வரியில் இருந்தால் பிரித்துக் கேளுங்கள். அதற்குள் தீர்வை 99,000, அவரது கட்டணம் 25,000, காணிப் பதிவகக் கட்டணமும் சில்லறையும் 2,000 என்று இருந்தால், முதல் பற்றுச்சீட்டைத் திரும்பக் கூட்டக்கூடாது.

அப்போது கணக்கு: 2,500,000 + 126,000 + 20,000 = 2,646,000. நில அளவையாளருக்குத் தனியாகக் கொடுத்திருந்தால் அதையும் சேருங்கள். வங்கிக் கடன் வட்டியை இதில் சேர்க்காமல் தனியாக எழுதி வையுங்கள்.

பற்றுச்சீட்டு மை மங்கிப்போகும். இன்றைக்கே போட்டோப் பிரதி எடுங்கள்.