வெயிலில் ஓட எந்த ஸ்போர்ட்ஸ் பிரா?

கேள்வி: யோகாவுக்குச் சரியாக இருக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா, ஓடும்போது மேலே ஏறுகிறது. தோளும் வலிக்கிறது, வியர்வையில் உராய்கிறது. எதை மாற்றுவது?

முதலில் அடிப்பட்டையைப் பாருங்கள். மார்பகத்தைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையதுதான். அது தளர்ந்தால் பாரம் தோள்வாருக்குப் போகும். வாரை இறுக்க இறுக்க வலி கூடும். கைகளைத் தலைக்கு மேல் தூக்குங்கள். பட்டை நகர்ந்தால் அளவு பெரிது. இரண்டு விரல் நுழையலாம், ஆழமாக மூச்சு இழுக்கவும் முடிய வேண்டும்.

பட்டையைக் குறைக்கும்போது கப்பையும் மாற்ற வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 36 சி அணிபவர் 34 சி வாங்கினால் கப் சிறுத்து, ஓரத்தில் சதை பிதுங்கும். அவருக்கு 34 டி சரி. புதிதில் கடைசிக் கொக்கியில், அதாவது தளர்வான இடத்தில், பொருந்த வேண்டும். எலாஸ்டிக் நெகிழ நெகிழ உள்ளே மாற்றிக்கொள்ளலாம்.

யோகாவுக்கு அழுத்திப் பிடிக்கும் மெல்லிய வகை போதும். ஓட்டத்துக்கு, அதுவும் மார்பகம் பெரிதாக இருந்தால், இரண்டு கப்பும் தனித்தனியாக உள்ள, அதிக அதிர்வுக்கான வகையை எடுங்கள்.

அப்புறம் துணி. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், உராய்வுக்கு அதுவே காரணமாகலாம். எலாஸ்டேன் கலந்த பாலியஸ்டர் அல்லது நைலான், முதுகில் வலைத்துணி வைத்தது, சீக்கிரம் உலரும்.