ஒரு யூனிட் ட்ரஸ்ட்டுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

கேள்வி: "நெல் வித்த காசை யூனிட் ட்ரஸ்ட்டில போடச் சொல்லி கிளிநொச்சிக்கு வந்த ஏஜென்ட் சொல்றார். பல துறையில பிரிச்சுப் போட்டிருக்கு, பயமில்லை எண்டு வட்டப்படம் காட்டுறார். அதை நம்பலாமா?"

பதில்: யூனிட் ட்ரஸ்ட் என்பது பலரின் காசைச் சேர்த்துப் பங்குகள் போன்றவற்றில் போடும் நிதியம். ஏஜென்ட் காட்டும் படம் பொய்யாக இருக்காது. ஆனால் அது துறையைக் காட்டுமே தவிர, உரிமையாளரைக் காட்டாது. 2020 முதல் கொழும்புப் பங்குச் சந்தை சர்வதேசத் துறை வகைப்படுத்தலைப் பின்பற்றுகிறது. அதன்படி ஹேலீஸ் கம்பனி மூலதனப் பொருட்கள் துறையிலும், ஹேகார்ப் மூலப்பொருட்கள் துறையிலும், சிங்கர் சில்லறை வணிகத்திலும், தலவாக்கலை தேயிலைக் கம்பனி உணவு, பானத் துறையிலும் வரும். படத்தில் நான்கு நிறம், உள்ளே ஒரே ஹேலீஸ் குழுமம். சிங்கரையும் 2017 இல் ஹேலீஸ்தான் வாங்கியது.

ஆகவே வட்டப்படத்தை விட்டு, பங்குகளின் பெயர்ப் பட்டியலுக்குப் போங்கள். மாதாந்த விபரத்தாளில் பெரும்பாலும் முதல் பத்துப் பெயர்தான் வரும். முழுப் பட்டியல், ஒவ்வொன்றின் பெறுமதியோடு, நிதியத்தின் ஆண்டறிக்கையில் கணக்குக் குறிப்புகளுக்குள் இருக்கும். பிறகு ஒவ்வொரு கம்பனியின் ஆண்டறிக்கையையும் cse.lk இல் திறந்து, மிகப் பெரிய 20 பங்குதாரர்களின் பட்டியலைப் பாருங்கள். ஒரே தாய்க் கம்பனியோ, அதன் பெயரில் தொடங்கும் துணைக் கம்பனியோ திரும்பத் திரும்ப மேலே நின்றால், நிதியம் அந்தக் கம்பனிகளில் போட்டிருக்கும் வீதங்களைக் கூட்டுங்கள்.

உதாரணத்துக்கு ஹேலீஸ் 8, ஹேகார்ப் 6, சிங்கர் 5, தலவாக்கலை 3 என்று வைப்போம். மொத்தம் 22 வீதம். அதே படத்தில் வங்கித்துறை 18 என்றிருந்தால் அதுதான் பெரிய துண்டாகத் தெரியும். உண்மையில் பெரியது இந்த 22.

"தேயிலையும் தவணைக்கு பிரிட்ஜ் விற்பதும் ஒரே வியாபாரமா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லைத்தான். ரூபாய் விழுந்தால் ஏற்றுமதி செய்யும் ஹேகார்ப்புக்கு லாபம், இறக்குமதியை நம்பிய சிங்கருக்கு அடி. ஆனால் ஹேலீஸின் கணக்கில் மற்ற மூன்றின் விற்பனையும் லாபமும் ஏற்கனவே சேர்ந்துதான் வருகின்றன. அந்த 8 வீதத்துக்குள்ளும் சிங்கர் இருக்கிறது. தாய்க் கம்பனி கடனில் இறுகினால் நான்கு பங்கையும் சந்தை சேர்த்தே பார்க்கும்.

இன்னொன்று: வீதம் எதன் வீதம் என்று கேளுங்கள். நிதியத்தில் 70 வீதம் பங்குகள், மிச்சம் திறைசேரி உண்டியல் என்றால், படம் பங்குப் பகுதியை மட்டும் நூறாக எடுத்து வரைந்திருக்கலாம். அப்போது 22 என்பது முழு நிதியத்தில் 15.4 தான். உங்கள் ஒரு லட்சத்தில் 15,400 ரூபாய்.

விளம்பரத் துண்டு மட்டும் அழகான தமிழில் வருகிறது, பட்டியல் உள்ள அறிக்கை ஆங்கிலத்தில். வன்னியில் காசு சேர்க்க வருபவர்கள் அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் தரவேண்டாமா? இதைக் கேட்பது பிழையில்லை. ஏஜென்ட் தரமாட்டேன் என்றால், நிதியத்தை நடத்தும் முகாமைத்துவக் கம்பனிக்கு நேரே எழுதிக் கடைசி ஆண்டறிக்கையைக் கேளுங்கள். கையில் கிடைத்ததும் முதலில் திகதியைப் பாருங்கள். மார்ச் 31 பட்டியலில் இருந்த பங்கு ஆவணியில் விற்கப்பட்டிருக்கலாம்.