ஆறு மாத நஷ்டமும் பதினெட்டு மாத வசூலும்

"எங்கள் சந்தையில் பத்தில் ஏழு பங்கு என்னுடையது. மீதி மூன்று பங்கை ஒரு சிறிய போட்டியாளர் வைத்திருக்கிறார். ஆறு மாதம் அடக்க விலைக்குக் கீழே விற்றால் அவர் கடையைக் கட்டிவிடுவார், பிறகு விலையை ஏற்றி நஷ்டத்தை எடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் ஆலோசகர். கடனுக்கும் அவரே ஏற்பாடு செய்கிறார். துணியலாமா?"

வேண்டாம். உங்கள் ஆலோசகர் பாதிக் கணக்கைத்தான் காட்டியிருக்கிறார்.

வாடகையையும் வட்டியையும் ஒதுக்கி வைத்து, ஒரு பொருளைச் செய்ய ஆகும் அடக்கம் மட்டும் 100, வழக்கமான விலை 110 என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு நீங்கள் 70 விற்கிறீர்கள், அவர் 30 விற்கிறார். விலையை 80 ஆக்கினால் பொருளுக்கு 20 நஷ்டம். அவரும் 80க்கு இறங்கினால் அவருக்கு நாளுக்கு 600 போகும், உங்களுக்கு 1,400 போகும். அவர் கெட்டிக்காரராக இருந்தால் இறங்கவே மாட்டார். உற்பத்தியை நிறுத்திவிட்டு வாடகையையும் வட்டியையும் மட்டும் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அப்போது அவருடைய வாடிக்கையாளர்களும், மலிவு என்று புதிதாக வருகிறவர்களும் உங்களிடம் சேர்ந்து விற்பனை 130 ஆகும். நாள் நஷ்டம் 2,600. விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடும்.

ஆறு மாதத்தில் இது 4,68,000. அந்தக் காலத்தில் வந்திருக்க வேண்டிய லாபம் 1,26,000. இரண்டும் சேர்த்து 5,94,000 குழி. அவர் ஒழிந்தபின் 120க்கு விற்கிறீர்கள், விலை ஏறியதால் 90தான் போகிறது என்றால், பழைய லாபத்துக்கு மேல் நாளுக்கு 1,100 கிடைக்கும். குழி நிரம்ப 540 நாள். கடன் வட்டி இதில் சேரவில்லை. அந்தப் பதினெட்டு மாதமும் வேறு யாரும் சந்தைக்குள் வரக் கூடாது. ஆனால் வருவார்கள். நொடித்த போட்டியாளரின் இயந்திரங்கள் ஏலத்துக்குத்தான் போகும். அவற்றைக் கால் விலைக்கு எடுத்தவருக்கு உங்களைவிட அடக்கம் குறைவு.

மொத்த வியாபாரிகளையும் ஆலோசகர் மறந்துவிட்டார். 80க்குக் கிடைக்கும்போது அவர்கள் கிடங்கை நிரப்பிக்கொள்வார்கள். நீங்கள் 120 என்று சொல்லும் நாளில், உங்கள் சரக்கையே 105க்கு விற்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தயாரிப்பாளர்களின் கூட்டணி ஒன்று இப்படித்தான் ஏமாந்தது. ஐரோப்பாவில் ஒரு பவுண்டு எடை 49 சென்டுக்கு விற்ற புரோமின் என்ற ரசாயனத்தை, ஹெர்பர்ட் டவ் என்ற அமெரிக்கரை ஒழிப்பதற்காக அவருடைய நாட்டில் 15 சென்டுக்குக் கொட்டியது. டவ் தன் உள்நாட்டு விற்பனையை நிறுத்திக்கொண்டு, ஆள் வைத்து அந்தப் புரோமினையே வாங்கி, வேறு பெட்டியில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பி 27 சென்டுக்கு விற்றார். இவ்வளவு சரக்கு எங்கே போகிறது என்று புரியாமல் கூட்டணி விலையை மேலும் குறைத்தது.

சரி, அடக்கத்துக்குக் கீழே விற்பதே தவறா என்று கேட்பீர்கள். இல்லை. இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள், ஆகவே நிதானமாகப் படியுங்கள். இப்போது வேறொரு கணக்கு: வாடகை, வட்டி எல்லாம் சேர்த்த முழு அடக்கம் 100, அதில் மூலப்பொருள், கூலி, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 70 என்று கொள்வோம். இது செய்தால் மட்டும் ஆகும் செலவு. மீதி 30 வாடகை, வட்டி போன்றவை. செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உண்டு. மந்த காலத்தில் 85க்கு விற்றால் முழு அடக்கம் தேறாது, ஆனால் 70 போக வரும் 15 வாடகைக்கு உதவும். சும்மா பூட்டி வைப்பதைவிட அது மேல். இது பிழைப்பதற்கான விற்பனை, யாரும் குறை சொல்ல முடியாது. 70க்கும் கீழே போனால் ஒவ்வொரு பொருளும் கையைக் கடிக்கும். சந்தையை ஆளும் நிறுவனம் அப்படி விற்றால் நோக்கம் போட்டியாளரை ஒழிப்பதே என்று கொள்ளலாம் என, ஆக்ஸோ என்ற ரசாயன நிறுவனத்தின் வழக்கில் 1991இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 70க்கும் 100க்கும் நடுவே விற்றால், ஒழிக்கும் திட்டம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது. உங்கள் ஆலோசகர் அந்தத் திட்டத்தை எழுத்திலேயே கொடுத்திருந்தால், எதிர்த்தரப்புக்கு வேறு சாட்சி தேவையில்லை.

அந்த வழக்கில் ஆக்ஸோவின் சிறிய போட்டி நிறுவனம் புகார் கொடுத்தது 1982இல். ஒன்பது ஆண்டு! அடிபட்டவருக்கு இந்த வேகத்தில் கிடைக்கும் நீதியை என்னவென்று சொல்வது? இந்தத் தாமதத்தைக் காட்டித்தான் "வழக்கு முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்" என்று இடைத்தரகர்கள் ஆசை காட்டுகிறார்கள். அபராதம் தாமதமாக வந்தாலும் வந்து சேர்கிறது. ஆக்ஸோவுக்கு விழுந்தது, யூரோவுக்கு முன் ஐரோப்பா கணக்குக்கு வைத்திருந்த எக்யூ என்ற பணத்தில் 75 லட்சம்.

உங்கள் ஆலோசகருக்குக் கமிஷன் எதன்மேல் என்று பார்த்தீர்களா? விற்கும் எண்ணிக்கையின் மேல் ஒன்று, வாங்கித் தரும் கடனின் மேல் இன்னொன்று என்றால், விலைப்போர்தான் அவருடைய அறுவடை. இப்படிப்பட்டவர்கள் மறுநாளே எதிராளியின் வீட்டுக்கும் போய் "நீங்களும் குறையுங்கள்" என்று சொல்லி அங்கும் ஒரு கடனை முடித்துவிடுவார்கள்.

கணக்குப் பார்ப்பவரிடம் அந்த 70 உங்கள் தொழிலில் எவ்வளவு என்று இந்த வாரமே எழுதி வாங்குங்கள். பிறகு ஆலோசகரிடம், "கமிஷனை இரண்டாம் ஆண்டு லாபத்தில் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள்.