குறையும் நிலுவைக்கு வட்டி: தவணை அட்டவணையை நாமே போடுவது எப்படி?

பட்டறை இயந்திரத்துக்கு 2 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 24 மாதம். நடுவில் பணம் வந்தால் கூடுதலாகக் கட்டுவேன். எக்செலில் எப்படிப் போடுவது ஐயா? (ராணிப்பேட்டை)

I1-இல் கடன் தொகை, I2-இல் 12%, I3-இல் 24 என எழுதி, I4-இல் தவணையைக் கணக்கிடுங்கள். 9,415 ரூபாய் வரும். பிறகு A முதல் F வரை மாதம், தொடக்க நிலுவை, வட்டி, தவணை, கூடுதல், முடிவு நிலுவை என்று பத்திகளை அமையுங்கள். B2-இல் =I1 என்று இடுங்கள்.

```
I4: =ROUND(PMT(I2/12,I3,-I1),0)
C2: =ROUND(B2*$I$2/12,0)
D2: =MIN($I$4,B2+C2)
F2: =B2+C2-D2-MIN(N(E2),B2+C2-D2)
B3: =F2
```

C, D, F பத்திகளை இரண்டாம் வரிசையிலிருந்தும், B பத்தியை மூன்றாம் வரிசையிலிருந்தும் கீழே இழுங்கள். முதல் மாத வட்டி 2,000. மீதி 7,415 அசலில் கழியும். மூன்றாம் மாதம் E பத்தியில் 25,000 இட்டால் நிலுவை 1,52,532 ஆகும். அதனால் நான்காம் மாத வட்டி 1,775-க்குப் பதில் 1,525 ரூபாய்தான். MIN இல்லையென்றால் கடைசித் தவணையில் நிலுவை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பலர் தடுமாறும் இடம் இதுவே.

25,000 கட்டிவிட்டால் தவணைத் தொகை, மாதங்கள் இரண்டுமே குறையும்தானே? (குடியாத்தம்)

பொதுவாக இரண்டில் ஒன்றுதான் குறையும்; எது என்பதை நீங்கள் எழுதிக்கொடுத்துச் சொல்ல வேண்டும். தவணையை 9,415 ஆகவே வைத்தால் கடன் 21-ஆம் மாதம், சுமார் 7,190 ரூபாயுடன் முடிந்து, வட்டியில் 5,400 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். மாதங்களை மாற்றாமல் தவணையை 8,089 ஆகக் குறைத்தால் மிச்சம் ஏறத்தாழ 2,840 ரூபாய்தான். வருமானம் சீராக உள்ளவருக்கு முதல் வழியையே சொல்வேன்.

எனக்கும் 2 லட்சம், 24 மாதம், 12 சதவீதம்தான். ஆனால் தவணை 10,333 கேட்கிறார்கள். உங்கள் அட்டவணை தவறா? (காட்பாடி)

அவர்கள் சொல்வது பிளாட் வட்டி. அசல் குறைவதைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுக்கும் முழு 2 லட்சத்துக்கே 48,000 வட்டி போட்டு, அதை அசலோடு கூட்டி 24-ஆல் வகுத்திருக்கிறார்கள். எக்செலில் ஒரு காலிக் கட்டத்தில் கீழே உள்ள சூத்திரத்தை இட்டுப் பாருங்கள். குறையும் நிலுவைக் கணக்கில் அது 21.5 சதவீதத்தைத் தாண்டும்.

```
=RATE(24,-10333,200000)*12
```

மாதாமாதம் 1,000 அதிகம் கட்டுகிறேன். ஆனால் கணக்கு அறிக்கையில் வட்டி உங்கள் அட்டவணை மாதிரி இறங்கவில்லையே? (ஆம்பூர்)

கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதிய காலத்தில் இந்தக் குறையுடன் வந்தவர்கள் பலர். கூடுதல் தொகையை அசலில் கழிக்காமல் அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்திருக்கலாம். அப்படியானால் உங்கள் 1,000 ஒரு ரூபாய் வட்டியைக்கூடக் குறைக்காது. கட்டிய மறுமாத நிலுவையை உங்கள் F பத்தியுடன் ஒப்பிடுங்கள். சில ரூபாய் வித்தியாசமென்றால் நாள் கணக்கில் வட்டி போடுகிறார்கள் என்று கொள்ளலாம். 1,000 அப்படியே விலகி நின்றால் அது முன்பணக் கணக்கில்தான் இருக்கிறது. உங்களுடையது எது என்பதை, அறிக்கையின் அந்த இரண்டு வரிகளைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.