பாக்கிப் பட்டியலும் பதினான்கு நாள் கெடுவும்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுச் செயலாளர் நான். ஒன்பது வீட்டுக்காரர்கள் பல மாதங்களாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை. தலைவர் அவர்களுடைய பெயர், வீட்டு எண், கைப்பேசி எண் எல்லாவற்றையும் சேர்த்து, “மற்றவர் காசில் வாழ வெட்கமில்லையா?” என்று எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டிவிட்டார். நானும் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். அதன்பின் இருவர் வந்து கத்திவிட்டுப் போனார்கள். ஒருவர், “தப்பான கணக்கு, வக்கீல் வைப்பேன்” என்கிறார். இத்தனை வருஷம் சம்பளமில்லாமல் உழைக்கும் எங்களுக்கு இதுதானா மரியாதை? யாரையும் அவமானப்படுத்தாமல், ஆனால் கண்டிப்பாக எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் உழைப்பும் தலைவரின் கோபமும் உண்மையானவையாக இருக்கலாம், ஆனால் அடுக்குமாடித் தகராறுகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்தில் இரண்டையும் யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: அந்தத் தாள் ஒட்டப்பட்ட நாளில் அந்த ஒன்பது பேரும் சட்டப்படி ‘பாக்கிதாரர்’ ஆகியிருந்தார்களா?

கட்டணத்தை மாதக் கடைசிக்குள் கட்டாதவரெல்லாம் பாக்கிதாரர் அல்லர். அடுக்குமாடிகளுக்கான 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த துணைவிதிகள், நிர்வாகக் குழுவின் நோட்டீஸைப் பெற்ற பிறகு பதினான்கு நாள் முடிந்தும் முழுத் தொகையைக் கட்டாத உரிமையாளரையே அப்படி அழைக்கின்றன. அந்த நிலை வந்த பிறகு அவருடைய பெயர், வீட்டு எண், பாக்கித் தொகை ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் வைக்கத் துணைவிதியே இடம் தருகிறது. அந்தப் பட்டியலை மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. ஆக, பெயரைப் பலகையில் போடுவதே குற்றம் என்று யாராவது உங்களை மிரட்டினால் அஞ்ச வேண்டாம். அதே துணைவிதியில் கைப்பேசி எண்ணுக்கோ வாட்ஸ்அப்பிற்கோ வெட்கத்தைப் பற்றிய கேள்விக்கோ இடமில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி, பாக்கியைக் கோரும் நோட்டீஸான 20-ஆம் படிவத்தை அனுப்பும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் நேரம் செலவிட விரும்புவது, குழுக்கள் திரும்பத் திரும்ப விழும் ஒரு குழியைப் பற்றி.

கோலாலம்பூரில் ஒரு குழுவின் விவகாரம் என்னிடம் வந்தது. ஓர் உரிமையாளர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஜொகூரில் இருந்தார். கட்டணம் மாதம் 260 ரிங்கிட், அதில் பத்து விழுக்காடான 26 ரிங்கிட் பெரிய பழுதுபார்ப்புக்கான சிங்கிங் ஃபண்ட், மொத்தம் 286. அவர் இரண்டு மாதப் பணத்தை வங்கி வழியாக அனுப்பியபோது வீட்டு எண்ணைக் குறிப்பிடவில்லை. அலுவலகக் கணக்கர் அந்த 572 ரிங்கிட்டை ‘யாருடையது எனத் தெரியாத வரவு’ என்று தனியே ஒதுக்கிவிட்டார். மூன்றாவது மாதம் அவர் உண்மையிலேயே கட்டவில்லை. நோட்டீஸை வாடகைக்காரரின் கதவிடுக்கில் செருகினார்கள். உரிமையாளருக்கு அது போய்ச் சேரவே இல்லை. பின்னர் 858 ரிங்கிட் பாக்கி என்று அவர் பெயரோடு, “பழக்கமான ஏமாற்றுக்காரர்” என்ற ஒட்டுச் சொல்லும் சேர்ந்து தாள் ஒட்டப்பட்டது, குழுவில் படமாகவும் பரவியது.

“எப்படியும் பாக்கிதானே வைத்திருக்கிறார்?” என்பது குழுவின் வாதம். பாக்கி 286 ரிங்கிட், பட்டியலில் அதன் மூன்று மடங்கு. அவதூறு வழக்கில் உண்மை என்பது நல்ல கவசம்தான், ஆனால் எழுதியது உண்மையாக இருந்தால் மட்டுமே. பணம் கட்டவில்லை என்பது நிரூபிக்கக்கூடிய செய்தி. ஏமாற்றுக்காரர் என்பது ஒருவருடைய குணத்தின் மீது சுமத்தும் குற்றச்சாட்டு, அதற்கு எந்தக் கணக்கேட்டிலும் ஆதாரம் கிடைக்காது. கடமையின் பேரில் நல்லெண்ணத்துடன் வெளியிட்டோம் என்ற இரண்டாவது கவசமும் அந்த ஒரு சொல்லால் உடைந்தது, ஏனெனில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே காழ்ப்புக்குச் சான்றாகக் காட்டினார். கடைசியில் பலகையில் மன்னிப்பு, பராமரிப்பு நிதியிலிருந்து செலவுத்தொகை. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒழுங்காகக் கட்டிவந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் குழுவிடம் பதில் இல்லை.

அதனால் உங்கள் நோட்டீஸில் தொனி என்பது நாகரிகத்தின் பொருட்டு மட்டும் அன்று, பாதுகாப்பின் பொருட்டும். லிஃப்டில் ஒட்டுவதும் தனி ஒருவருக்கு அனுப்புவதும் ஒரே தாளாக இருக்கக் கூடாது. பொது அறிவிப்பில் எவர் பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம். பாக்கி சேர்ந்திருப்பதையும் தேதியையும் மட்டும் சொன்னால் போதும். தனி நோட்டீஸ் 20-ஆம் படிவத்தோடு, உரிமையாளர் கொடுத்துள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் போக வேண்டும். வாடகைக்காரரிடம் கொடுத்துவிட்டு நாள் எண்ணத் தொடங்காதீர்கள்.

படிவத்தின் வாசகம் விதியிலேயே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். அதனுடன் செல்லும் கடிதத்தை மலாயில் எழுதி, தேவைப்பட்டால் தமிழிலும் இணைக்கலாம். அதன் சாரம் இப்படி இருக்கட்டும்: “ஐயா / அம்மையீர், உங்கள் வீட்டின் கணக்கில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான கட்டணம் வரவு வைக்கப்படவில்லை என எங்கள் பதிவேடு காட்டுகிறது. மாதவாரியான விவரம் இணைக்கப்பட்டுள்ளது. இதில் பிழை இருந்தால், அல்லது நீங்கள் ஏற்கெனவே கட்டியிருந்தால், ரசீதுடன் எங்களுக்குத் தெரிவியுங்கள். இந்த நோட்டீஸ் கிடைத்த பதினான்கு நாளுக்குள் முழுத் தொகையும் செலுத்தப்பட வேண்டும். தவறினால் துணைவிதிகளின்படி அணுகல் அட்டை முடக்கப்படலாம். தொகையைக் கோரி நடுவர் மன்றத்தை அணுகுவோம். தவணையில் கட்ட விரும்பினால் அதே கெடுவுக்குள் எழுத்தில் கேளுங்கள்.”

“எங்கள் பதிவேடு காட்டுகிறது” என்பதைக் கவனியுங்கள். “நீங்கள் கட்டவில்லை” என்பதைவிட அது மென்மையாக ஒலிக்கிறது, ஆனால் கோரிக்கை ஓர் அங்குலமும் குறையவில்லை. பிழையைச் சுட்டச் சொல்லும் வரிதான் கடிதத்தின் உயிர். கோலாலம்பூர்க்காரர் அந்த வரியைப் படித்திருந்தால் ரசீதை அனுப்பியிருப்பார், வழக்கே வந்திருக்காது. நோட்டீஸுக்கு இணங்காதது குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம் என்று சட்டம் சொல்வது உண்மையே. அதை உங்கள் கடிதத்தில் கொட்டை எழுத்தில் எழுத வேண்டாம். தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. தாமத வட்டியும் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அதுவும் பொதுக்கூட்டம் தீர்மானித்த விகிதத்தில்தான்.

ஒட்டிய தாளை இன்றே கழற்றுங்கள். வாட்ஸ்அப் பதிவையும் நீக்குங்கள், ஆனால் அதற்கு முன் அதை அப்படியே படமெடுத்து வையுங்கள், ஏனென்றால் நாளை கேள்வி எழும்போது சாட்சி நீங்கள்தான். பகிர்ந்தவர் என்ற முறையில் தலைவரோடு உங்கள் பெயரும் வழக்கில் வரும். தலைவர்தானே எழுதினார் என்று சொல்லித் தப்ப முடியாது.

கணக்கு தவறு என்று சொன்னவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அடையாளம் தெரியாத வரவுகளைக் கணக்கரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவர் சொல்வது சரியாக இருந்தால், தாள் ஒட்டியிருந்த அதே இடத்தில் திருத்தத்தை ஒட்டி, மன்னிப்புக் கடிதத்தையும் கொடுத்துச் சமாதானமாகிவிடுங்கள். அதில் கௌரவம் பார்த்துத் தலைவர் மறுத்தால், உங்கள் எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாக்கி உண்மையானால் ஆறு மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் பாக்கித் தொகையை அவர் ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கையொப்பமிட்ட பிறகே. அந்தக் கையொப்பம், பாக்கியைக் கோரி வழக்குப் போடுவதற்கான ஆறு ஆண்டுக் காலவரம்பைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். நடுவர் மன்றத்தில் வேறு சாட்சி தேடவும் வேண்டியிராது.

மற்ற எட்டுப் பேருக்கும் 20-ஆம் படிவத்தைப் புதிதாக அனுப்பி, தபால் ரசீதில் உள்ள தேதியைக் கோப்பில் குறித்து வையுங்கள். நோட்டீஸ் கிடைத்ததற்குச் சான்றும், அதன்பின் பதினான்கு நாளும் ஆகாமல் எந்தப் பெயரும் பலகைக்குப் போகக் கூடாது.